புரூஸ்டர் கோணத்தில் ஒளி அணையவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

கண்ணாடித் தகட்டில் பட்டு எதிரொளிக்கும் ஒளி ஒரே ஒரு படுகோணத்தில் முழுத் தளவிளைவு அடையும். அதுவே புரூஸ்டர் கோணம். n₁ ஒளி வரும் ஊடகத்தின் ஒளிவிலகல் எண், n₂ அது படும் ஊடகத்தினுடையது என்றால், கணக்கிட ஒரு வரி போதும்:

```
tan θ = n₂ / n₁
```

காற்றிலிருந்து சாதாரணக் கண்ணாடிக்கு n = 1.52 என்றால் θ = 56.7°. தண்ணீருக்கு 1.33 என்றால் 53.1°. கணக்கு இவ்வளவு எளிது. ஆனால் மேசையில் கருவிகளை வைத்துச் செய்து பார்க்கும்போது ஒளி அணைய மறுக்கும், அணைந்தாலும் வேறு எங்கோ அணையும், அல்லது கிடைத்த கோணத்திலிருந்து வரும் ஒளிவிலகல் எண் நம்ப முடியாததாக இருக்கும். என்ன தெரிகிறது என்பதிலிருந்தே எங்கே பிழை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இங்கே எடுத்துக்கொள்ளும் அமைப்பு இது. பாகை குறித்த சுழல்மேடையின் நடுவில் 3 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடித் தகடு நிமிர்ந்து நிற்கிறது. சிவப்பு லேசர் கிடைமட்டமாக வந்து தகட்டின் முன்முகத்தில் படுகிறது. லேசருக்கும் தகட்டுக்கும் நடுவே, தன் அச்சின் திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் ஒரு போலராய்டு. எதிரொளித்த கற்றையை ஓர் ஒளி டயோடு வாங்குகிறது. தகடு நிமிர்ந்து நிற்பதால் படுதளம் கிடைமட்டம். புரூஸ்டர் கோணத்தில் எதிரொளிப்பில் எஞ்சுவது நிலைக்குத்தாக அதிரும் ஒளி மட்டுமே; கிடைமட்டமாக அதிரும் ஒளி எதிரொளிக்காமல் முழுவதும் கண்ணாடிக்குள் போய்விடும். ஆகவே போலராய்டின் அச்சைக் கிடைமட்டமாக வைத்து, மேடையைச் சுழற்றி, எதிரொளிப்பு அணையும் இடத்தைத் தேடுகிறோம். மேடை சுழலும்போது கற்றையும் அறையைச் சுற்றி வரும் என்பதால், சுற்றிலும் கருப்பு அட்டை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். கண் மட்டத்தில் கற்றை போகக் கூடாது.

எந்தக் கோணத்திலும் அணையவே இல்லை

முதலில் சந்தேகப்பட வேண்டியது போலராய்டின் அச்சு. அட்டையில் ஒட்டி வரும் போலராய்டுகளில் குறி பிசகியிருப்பது வாடிக்கை. அச்சு 90° மாறியிருந்தால் நீங்கள் அனுப்புவது நிலைக்குத்து அதிர்வு; அது எந்தக் கோணத்திலும் அணையாது, படுகோணம் கூடக்கூடப் பிரகாசமாகிக்கொண்டே போகும். அறிகுறியே இதுதான்: குறைந்து பிறகு கூடாமல், அளவு ஒரே திசையில் ஏறும். சரிபார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். பளபளப்பான தரையில் விழும் சன்னல் வெளிச்சத்தைச் சற்றுச் சாய்வாக, ஏறத்தாழ 55° படுகோணத்தில், போலராய்டு வழியே பாருங்கள். தரையின் மினுக்கம் கிடைமட்டமாக அதிரும் ஒளி. போலராய்டைச் சுழற்றி மினுக்கம் மிகக் குறையும் நிலையில் நிறுத்தினால், அப்போது அச்சு நிலைக்குத்தாக இருக்கிறது. ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சந்தேகம் போலராய்டின் வகை. கேமராவுக்கு வரும் வட்டத் தளவிளைவு வடிகட்டியில் நேர்த் தளவிளைவுப் படலம் முன்பக்கத்திலும், கால் அலைத் தகடு கேமராப் பக்கத்திலும் இருக்கும். லேசரை அதன் பின்பக்கமாக நுழைத்தால் முன்பக்கத்திலிருந்து நேர்த் தளவிளைவு ஒளி வெளியே வரும். இந்த அமைப்புக்கு அது சரி. திருப்பி வைத்தால் வெளியே வருவது வட்டத் தளவிளைவு. அதில் நிலைக்குத்து அதிர்வும் பாதி கலந்திருக்கும் என்பதால் ஒளி அணையாது. அதே வடிகட்டியை எதிரொளித்த கற்றையில் வைத்து ஆய்வதானால் நிலைமை தலைகீழ்: அங்கே ஒளி முன்பக்கமாக நுழைய வேண்டும். எந்தப் பக்கம் எது என்று தெரியாவிட்டால் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் அணையும்.

மூன்றாவது, தகடே தவறாக இருக்கலாம். பின்னால் பூச்சுள்ள முகக்கண்ணாடியை எடுத்து வைத்துவிட்டு அணையவில்லை என்று தேடுவது அடிக்கடி நடக்கும். உலோகப் பரப்பில் கிடைமட்ட அதிர்வு ஓரளவு குறையும், பூச்சியமாகாது. எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சுள்ள மூக்குக்கண்ணாடி வில்லையும் உதவாது; அதன் மேல்படலம் கோணத்தையே மாற்றிவிடும்.

பூச்சற்ற இணைமுகத் தகட்டில் பின்முகம் தொந்தரவு தருமா என்று பலர் கேட்பார்கள். 3 மி.மீ. தகட்டில் முன்முகத்திலிருந்து ஒரு புள்ளி, பின்முகத்திலிருந்து ஒரு புள்ளி என 2 மி.மீ. இடைவெளியில் இரண்டு தெரியும். வியப்பு என்னவென்றால், இரண்டும் ஒரே கோணத்தில்தான் அணையும். 56.7°இல் நுழைந்த கதிர் உள்ளே 33.3°இல் செல்கிறது; கண்ணாடியிலிருந்து காற்றுக்குப் போகும்போது புரூஸ்டர் கோணம் tan θ = 1/1.52 என்பதிலிருந்து அதே 33.3°. ஆகவே கண்ணாடியில் பின்முகம் குற்றவாளி அல்ல. அக்ரிலிக் தகட்டில் மட்டும் எச்சரிக்கை தேவை. வார்ப்பில் தங்கிய தகைவு உள்ளே செல்லும் ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பிவிடும். பின்முகத்துப் புள்ளி மங்காமல் நிற்கும், முன்முகத்துப் புள்ளி அணைந்துவிடும். இரண்டில் ஒன்று மட்டும் அணைகிறது என்றால் காரணம் இதுவே. பின்முகத்தை உப்புத்தாளால் தேய்த்துக் கருப்பு வண்ணம் பூசுங்கள். கருப்புக் காகிதம் ஒட்டுவதில் பயனில்லை; நடுவே காற்று இருக்கும்வரை பின்முகம் எதிரொளித்துக்கொண்டேதான் இருக்கும்.

போலராய்டு இல்லாமலே அணைகிறது, அல்லது போலராய்டு வைத்ததும் லேசரே மங்கிவிடுகிறது

இரண்டும் ஒரே காரணத்தின் இரு முகங்கள். டயோடு லேசரிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே பெருமளவு தளவிளைவு அடைந்தது. அதன் அதிர்வு கிடைமட்டமாக அமைந்துவிட்டால் போலராய்டு இன்றியே அணையும். நிலைக்குத்தாக இருந்தால் கிடைமட்டப் போலராய்டைத் தாண்டி ஏறத்தாழ எதுவுமே வராது. அளவி எல்லாக் கோணத்திலும் பூச்சியத்தருகே நிற்கும், எங்கும் அணைந்ததுபோலத் தோன்றும். லேசர்க் குழலைப் பிடியிலேயே 90° சுழற்றினால் போதும். போலராய்டை எடுத்துவிடலாமே என்று தோன்றும்; வேண்டாம். டயோடு லேசரின் தளவிளைவு முழுமையானதல்ல, அதில் கலந்திருக்கும் சிறு நிலைக்குத்துப் பகுதியே அணைவைக் கெடுக்கப் போதும்.

அணைகிறது, ஆனால் கணக்கு அபத்தமாக வருகிறது

இங்கே எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும். ஒளிவிலகல் எண் 0.66 என்று வந்தால், கோணத்தைத் தகட்டின் பரப்பிலிருந்து அளந்திருக்கிறீர்கள். படுகோணம் குத்துக்கோட்டிலிருந்து அளக்கப்படுவது. 33.5° என்று குறித்திருந்தால் உண்மையான படுகோணம் 90 − 33.5 = 56.5°, tan 56.5° = 1.51.

ஒளிவிலகல் எண் எதிர்க்குறியோடு, −0.05 போல வந்தால் கணிப்பான் ரேடியனில் இருக்கிறது. 56.5 என்பதை அது ரேடியனாக எடுத்துக்கொண்டு −0.049 என்று விடை தரும். மறுதிசையில் tan⁻¹(1.52) போட்டு 0.989 என்று வந்தாலும் அதே கதைதான், அது 56.7°தான், அலகு மட்டும் வேறு.

கோணம் 66.7° என்று கிடைத்து, எண் 2.3க்கு மேலே போனால் நிறமாலைமானி வைத்து அளந்திருப்பீர்கள். தொலைநோக்கியை நேர்க்கதிரிலிருந்து எதிரொளித்த கதிருக்குத் திருப்பிய கோணம் D படுகோணம் அல்ல. கதிர் 180° − 2θ அளவுக்குத் திரும்புகிறது; ஆகவே θ = 90° − D/2. D = 66.7° எனில் θ = 56.65°. தொலைநோக்கிப் புயத்தின் கோணத்தில் 1° பிசகினாலும் படுகோணத்தில் அரைப் பாகைதான் பிசகும் என்பது இந்த முறையில் கிடைக்கும் சிறு லாபம்.

தகடு தண்ணீருக்குள் இருந்தால் n₁ = 1 என்று போடக் கூடாது. 1.52/1.33 = 1.143; கோணம் 48.8°க்கு இறங்கிவிடும்.

குறைகிறது, ஆனால் முழுதாக அணையவில்லை

நேரத்தை அதிகம் தின்னும் அறிகுறி இதுதான். காரணத்தை ஊகிப்பதற்கு முன் லேசரை அட்டையால் மறைத்துவிட்டு அளவியைப் படியுங்கள். எண் அப்படியே நின்றால் அது அறை வெளிச்சம். அளவை ஒவ்வொன்றிலும் அதைக் கழித்தாக வேண்டும். லேசரை மறைத்ததும் எண் விழுந்தால், எஞ்சியிருந்தது உண்மையிலேயே தகட்டிலிருந்து வந்த ஒளி.

அப்படி எஞ்சுவதில் பெரும்பங்கு போலராய்டின் அச்சுச் சாய்வால் வருவது. புரூஸ்டர் கோணத்தில் கண்ணாடி நிலைக்குத்து அதிர்வில் 15.7 விழுக்காட்டை எதிரொளிக்கிறது. அச்சு கிடைமட்டத்திலிருந்து δ பாகை சாய்ந்தால் sin²δ பங்கு நிலைக்குத்து அதிர்வு கசிந்து நுழையும். δ = 1° எனில் எதிரொளிப்பில் வரும் கசிவு படு ஒளியில் 0.005 விழுக்காடு, பொருட்படுத்த வேண்டாம். 5° எனில் 0.12 விழுக்காடு. ஒப்பிட்டுப் பாருங்கள்: சரியான அச்சோடு, படுகோணம் 3° தள்ளிப்போனால் வரும் எதிரொளிப்பும் அதே 0.12 விழுக்காடுதான். அதாவது அச்சு 5° சாய்ந்திருந்தால் ஏறத்தாழ 3° அகலத்துக்கு இருபுறமும் அணைவின் அடிப்பகுதி கசிவில் மூழ்கிவிடும். கண்ணால் பார்த்துக் கிடைமட்டம் என்று வைத்த போலராய்டில் 5° சாய்வு வெகு சாதாரணம்.

சரிசெய்யும் முறை: மேடையை 56.7° அருகே நிறுத்துங்கள். போலராய்டை மெல்லச் சுழற்றி அளவு மிகக் குறையும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு மேடையைச் சுழற்றி மிகக் குறையும் இடம் தேடுங்கள். மீண்டும் போலராய்டு, மீண்டும் மேடை. இரண்டு மூன்று சுற்றில் இரண்டும் நிலைத்துவிடும். தகடு முன்னோ பின்னோ சாய்ந்திருந்தால் படுதளமே கிடைமட்டத்திலிருந்து சாயும். எதிரொளித்த புள்ளி லேசரின் உயரத்திலேயே வருகிறதா என்று தொலைவில் ஒரு அட்டையில் பார்த்துக்கொண்டால் அந்தப் பிழை தொடக்கத்திலேயே போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் எஞ்சினால் தகட்டைத் துடையுங்கள். விரல் எண்ணெயும் தூசியும் ஒளியைச் சிதறடிக்கும். சிதறிய ஒளிக்குப் புரூஸ்டர் விதி கிடையாது. லேசருக்குப் பதில் அகன்ற விளக்கை வைத்திருந்தால், கதிர்கள் பல படுகோணங்களில் ஒரே நேரத்தில் வருவதால் முழு அணைவு கிடைக்காது, நடுவில் ஓர் இருண்ட பட்டைதான் தெரியும். ஒடுங்கிய பிளவு ஒன்றை முன்னால் வைக்க வேண்டும்.

நன்றாக அணைகிறது, எண் மட்டும் 0.02, 0.03 தள்ளி வருகிறது

முதலில் மேடையின் பூச்சியம். தகட்டைச் சுழற்றி எதிரொளித்த புள்ளி லேசரின் வாய்க்கே திரும்பும்படி வைத்து, அந்த நிலையைப் பூச்சியமாகக் கொள்ள வேண்டும். 1 மீட்டர் தொலைவில் புள்ளி 1 செ.மீ. விலகி நின்றால் மேடையின் பிழை 0.29°. இதோடு விட்டுவிடாமல், தகட்டை இடப்பக்கம் திருப்பி ஒரு முறையும் வலப்பக்கம் திருப்பி ஒரு முறையும் அளந்து சராசரி எடுங்கள். எஞ்சிய பூச்சியப் பிழை தானே நீங்கிவிடும். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ரேடியனில் எடுத்த கோணப் பிழை ஒளிவிலகல் எண்ணில் (1 + n²) மடங்காகப் பெருகும். கண்ணாடியில் கோணம் 1° தவறினால் எண் 0.058 தவறும்.

அடுத்தது, மிகக் குறைந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை. அணைவின் அடிப்பகுதி தட்டையானது; 1° தள்ளிப்போனாலும் எதிரொளிப்பு 0.012 விழுக்காடுதான். அதனால் இருபுறமும் சம அளவு காட்டும் கோணங்களை எடுத்து நடுவைக் கண்டுபிடிப்பது வழக்கம். அதில் ஒரு பொறி இருக்கிறது: வளைவு சமச்சீரானது அல்ல, பெரிய கோணப் பக்கத்தில் வேகமாக ஏறுகிறது. ஓர் எடுத்துக்காட்டோடு பார்த்தால் விளங்கும். n = 1.52 உள்ள, பின்முகம் கருப்பிட்ட தகட்டுக்கு, ஒளி டயோடின் மின்தடையில் மில்லிவோல்ட் அளவு இப்படி அமையும். லேசரை மறைத்தபோது 4.0 மி.வோ. என்று கொள்வோம்.

```
கோணம்   அளவு    4.0 கழித்து   வர்க்கமூலம்
52°      65.0      61.0          +7.8
54°      26.0      22.0          +4.7
56°       5.5       1.5          +1.2
58°      10.7       6.7          −2.6
60°      50.0      46.0          −6.8
62°     134.0     130.0         −11.4
```

நடுப்புள்ளி முறையில்: 52°இல் 61 மி.வோ.; மறுபக்கம் அதே 61 வருவது ஏறத்தாழ 60.4°இல். நடு 56.2°. tan 56.2° = 1.49. அக்ரிலிக்கின் எண் அது! கண்ணாடியைப் பிளாஸ்டிக் என்று முடிவுகட்டும் அளவுக்குப் பிழை.

அட்டவணையின் கடைசி நெடுவரிசைதான் தப்பிக்கும் வழி. டயோடு அளப்பது செறிவு. செறிவு வீச்சின் வர்க்கம். எதிரொளித்த அலையின் வீச்சு புரூஸ்டர் கோணத்தைத் தாண்டும்போது குறி மாறுகிறது. ஆகவே வர்க்கமூலம் எடுத்து, மிகக் குறைந்த அளவுக்கு அப்பால் உள்ளவற்றுக்கு எதிர்க்குறி போட்டால், தட்டையான குழிக்குப் பதிலாக அச்சைக் குறுக்கே வெட்டும், கிட்டத்தட்ட நேரான கோடு கிடைக்கும். 56°இல் +1.2, 58°இல் −2.6. வெட்டுமிடம் 56 + 2 × 1.2/3.8 = 56.6°. tan 56.6° = 1.52. அளவைகள் மாறவில்லை, கையாண்ட விதம்தான் மாறியது. பின்னணியைக் கழிக்க மறந்தால் இதே கணக்கு 56.8° காட்டி, எண்ணை 1.53க்குத் தள்ளிவிடும், எனவே கழித்தல் முதலில், வர்க்கமூலம் அடுத்து.

குறி எங்கே மாற்றுவது என்பதில் குழப்பம் வந்தால், மிகக் குறைந்த அளவையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை வரைந்து பாருங்கள். அது எந்தப் பக்கத்துக் கோட்டோடு ஒட்டுகிறதோ அந்தப் பக்கத்தின் குறி அதற்கு.

இந்த வர்க்கமூல உத்தி, அளவி ஒளிச் செறிவுக்கு நேர்விகிதத்தில் இயங்கினால் மட்டுமே செல்லும். ஒளிசார் மின்தடை அப்படி இயங்காது. சூரியக் கலத்தை நேராக வோல்ட்மீட்டரில் மாட்டினாலும் அப்படித்தான். திறந்த சுற்று மின்னழுத்தம் செறிவோடு மடக்கை முறையில் ஏறுவதால் பிரகாசமான பகுதிகள் அமுங்கிவிடும். கலத்தை மைக்ரோ ஆம்பியர் அளவில் மாட்டி மின்னோட்டத்தைப் படியுங்கள். ஒளி டயோடில் மின்தடை போட்டிருந்தால் மின்கல மின்னழுத்தத்தை நெருங்கியதும் அளவு ஏறாமல் நின்றுவிடும்: 9 வோல்ட் மின்கலத்தோடு, அளவு 8, 8.5 வோல்ட்டில் முட்டிக்கொண்டு நிற்பதாகத் தெரிந்தால் மின்தடையைப் பத்தில் ஒரு பங்காகக் குறையுங்கள். சோதிக்க எளிய வழி: மேடையை அணையும் இடத்திலிருந்து தள்ளி நிறுத்தி, இரண்டாவது போலராய்டு ஒன்றை எதிரொளித்த கற்றையில் வைத்து, முதலாவதன் அச்சுக்கு 45° திருப்புங்கள். இரு அச்சுகளும் இணையாக இருந்தபோது காட்டிய அளவில் சரியாகப் பாதி வர வேண்டும். வராவிட்டால் கோணத்தைத் திருத்துவதற்கு முன் அளவியைத் திருத்துங்கள்.